கட்டுக்கம்பி எத்தனை சுருள், எப்போது?
(களியக்காவிளையில் எல்லையோர ஹார்டுவேர் கடைக்காரர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைமை ஏற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து முன்னிலை வகிக்கும் செயலாளர் அவர்களே, நம் அழைப்பை மதித்து வந்திருக்கும் பேரூராட்சிப் பெருமக்களே, கடன் கேட்டுப் போகும்போதெல்லாம் இருக்கை தந்து உட்கார வைக்கும் வங்கி மேலாளர் அம்மையார் அவர்களே, பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் எல்லை தாண்டி வந்திருக்கும் கடைக்கார நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்றார்கள் நம் முன்னோர். ஆற்றில் போடுவதையே அளக்க வேண்டும் என்றால், கோடவுனில் போடுவதை அளக்காமல் விடலாமா? இன்று மூன்று செய்திகள் பேச வந்தேன். ஒரு ஆர்டருக்கு எவ்வளவு வாங்குவது, எப்போது ஆர்டர் போடுவது, விற்காமல் தேங்கிய சரக்கை என்ன செய்வது. எல்லாச் சரக்கையும் எடுத்தால் குழப்பம் வரும். வாரந்தோறும் ஒரே சீராகப் போகிற ஒரு பொருள் போதும்: கட்டுக்கம்பி, அதாவது பைண்டிங் வயர்.

ஒரு கடையில் வாரம் 2 சுருள் போகிறது என்று வையுங்கள். சுருள் 25 கிலோ, விலை 2,000 ரூபாய். வருடத்துக்கு 104 சுருள். ஒவ்வொரு முறை ஆர்டர் போடும்போதும் லாரி ஆபீஸிலிருந்து கடைக்கு வரும் குட்டி யானைக்கு 250, பார்சல் ரசீதுக்கு 100, பில் சரிபார்த்துப் பணம் அனுப்ப 50, ஆக 400 ரூபாய். நான்கு சுருள் வந்தாலும் பதினான்கு வந்தாலும் இந்த 400 மாறாது. பலர் தவறுவது இங்கேதான். கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் லாரி வாடகையையும், சுருளுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் இறக்குகூலியையும் இதில் சேர்த்துவிடுகிறார்கள். அவை சரக்கோடு கூடிக் குறைபவை, விலையில் சேர வேண்டியவை. இதில் சேர்த்தால் விடை ஊதிப்போகும்.

அடுத்தது, வைத்திருக்கும் செலவு. ஓவர்டிராஃப்ட் வட்டி 12 சதவீதம். இடவாடகை, துரு, எடைக்குறைவு எல்லாம் சேர்த்து 8. மொத்தம் 20 சதவீதம், அதாவது ஒரு சுருள் வருடம் முழுக்கக் கடையில் கிடந்தால் 400 ரூபாய். அம்மையார் அவர்கள் இங்கே இருப்பதால் சொல்கிறேன்: சொந்தப் பணத்தில் வாங்கினால் வட்டி இல்லை என்று நினைக்காதீர்கள். அந்தப் பணம் வேறு இடத்தில் ஈட்டியிருக்கும்.

1913-இல் ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதிய கணக்குதான் சிக்கன ஆணை அளவு. ஆண்டுத் தேவையை ஆர்டர் செலவால் பெருக்கி, இரட்டித்து, ஒரு சுருளை ஆண்டு முழுதும் வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

√(2 × 104 × 400 ÷ 400) = 14.4

பதினான்கு சுருள், ஏழு வாரச் சரக்கு. ஆர்டர் செலவும் வைத்திருக்கும் செலவும் சேர்ந்து வருடத்துக்கு சுமார் 5,770 ரூபாய். பயந்து பயந்து நான்கு நான்காக வாங்கினால் 11,200. துணிந்து அரை வருடத்துக்கு 52 சுருள் இறக்கினாலும் அதே 11,200. ஆனால் பத்து வாங்கினால் 6,160, இருபது வாங்கினால் 6,080. பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் நானூறு ரூபாய்க்குள்தான் வித்தியாசம். இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

52 எடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி என்று ஏஜென்ட் சொன்னால்? வருடத்தில் விலையில் மிச்சம் 4,160. கூடும் செலவோ 5,200-ஐத் தாண்டுகிறது. வேண்டாம் என்று சொல்லுங்கள். 3 சதவீதம் என்றால் கட்டுப்படியாகும், ஆனால் துருப்பிடிக்காமல் வைக்க இடம் இருந்தால் மட்டும்.

எப்போது ஆர்டர்? ஆர்டர் போட்டால் வழக்கமாக ஒரு வாரத்தில் சரக்கு வரும், தாமதமானால் இரண்டு வாரம். மும்முரமான வாரத்தில் 3 சுருள் போகும். மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு. அதுதான் மறு ஆணை மட்டம். ஆறாவது சுருளுக்கு மேலே சுவரில் சிவப்புக் கோடு போடுங்கள். கோடு தெரிந்தால் போனை எடுங்கள்.

குழித்துறைப் பக்கம் ஒரு கடை. ஞாயிற்றுக்கிழமை வார்ப்பு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் காண்டிராக்டர் வந்து நிற்கிறார். மூன்று டன் கம்பி கட்ட வேண்டும். டன்னுக்கு எட்டுப் பத்துக் கிலோ கட்டுக்கம்பி பிடிக்கும். கடையில் அரைச் சுருள்கூட இல்லை. "அண்ணே, ஒரு சுருளாவது தேடிப் பாருங்க, ஆளுங்க சும்மா நிக்காங்க" என்கிறார். கோடவுனைத் திறந்தால் மூன்று வருடமாகப் போகாத நாலு இஞ்ச் கீல்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. காண்டிராக்டர் பாறசாலைக்கு பைக்கை விட்டார். கட்டுக்கம்பியோடு சிமென்டும் மணலும் அங்கேயே வாங்கினார், அந்த வீட்டு வேலை முழுக்க அங்கேயே போய்விட்டது.

கதை அதோடு முடியவில்லை. அன்று ராத்திரியே மகன் 14 சுருளுக்குச் சொல்லிவிட்டான். அது தெரியாத அப்பா திங்கட்கிழமை காலையில் இன்னொரு 14 சொன்னார். ஜூன் மாதம், நல்ல மழை. 28 சுருள் வந்து இறங்கியது. உள்ளே இடமில்லாமல் பாதியை வராந்தாவில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அடியில் ஈரம் ஏறி வெளிச்சுற்று துருப்பிடித்தது. கம்பி கட்டுகிறவர் கொக்கியை இரண்டு முறுக்கு முறுக்கியதும் பட்டென்று அறுந்தது. அந்தச் சுருள்கள் பாதி விலைக்குப் போயின. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

தப்பு எங்கே? கோட்டோடு ஒப்பிட வேண்டியது கையில் இருக்கும் சரக்கை மட்டும் அல்ல. கையில் இருப்பதோடு வழியில் வந்துகொண்டிருப்பதையும் கூட்ட வேண்டும். அதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இருப்பு அட்டை வேண்டும். வந்தது, போனது, இருப்பு, ஆர்டரில் இருப்பது: நான்கு கட்டம் போதும். அப்பாவும் மகனும் ஒரே அட்டையில் எழுத வேண்டும்.

அந்த ஆறு என்ற எண்ணும் கல்வெட்டு அல்ல. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரி காத்துக்கிடந்த காலம் போய்விட்டது. இன்றும் அந்தக் காலத்து மூன்று வாரக் கணக்கில் ஒன்பது சுருள் வைத்திருப்பவர்கள் மூன்று சுருளை, வருடத்துக்கு 1,200 ரூபாயை, சும்மா சுமக்கிறார்கள்.

இனி நான் வந்த காரியம். கூட்டு வண்டி. போன கூட்டத்திலும் கேட்டேன், இந்தக் கூட்டத்திலும் கேட்கிறேன். மூன்று கடைகள் சேர்ந்து ஒரே நாளில் ஆர்டர் போட்டால், மூன்று இடத்தில் இறக்க வண்டிக்கு 350 கொடுத்தாலும், ரசீதுக்கு 100 சேர்த்து ஆளுக்கு 150. பணம் அனுப்பும் 50 தனித்தனி. 400 என்பது 200 ஆகிறது. அப்போது சிக்கன ஆணை அளவு பத்துச் சுருள், வருடச் செலவு 4,080. ஒரே ஒரு பொருளில் கடைக்கு 1,700 ரூபாய் மிச்சம். மூன்று பத்து முப்பது, முக்கால் டன், குட்டி யானைக்குச் சரியான பாரம்.

'என் சரக்கு கோட்டுக்கு வரும்போது அவன் சரக்கு வந்திருக்காதே' என்று கேட்கிறீர்கள். யார் கடையில் முதலில் கோடு தெரிகிறதோ அவர் மற்ற இருவருக்கும் போன் செய்ய வேண்டும். கொஞ்சம் கூடுதலாக இருப்பவர் ஏழோ எட்டோ எடுக்கட்டும். பத்துக்குப் பதில் எட்டு எடுத்தால் வருடத்துக்கு நூற்றிருபது ரூபாய்தான் கூடும். அளவு முன்னேபின்னே போனால் செலவு அதிகம் மாறாது என்று சொன்னேனே, அது இங்கேதான் உதவுகிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். பில் மூன்றாகத்தான் வர வேண்டும், அவரவர் ஜி.எஸ்.டி. எண்ணில். ஒருவர் பெயரில் மொத்தமாகப் போட்டுவிட்டுப் பிறகு பிரித்தால் மற்ற இருவருக்கும் உள்ளீட்டு வரி வரவு சிக்கலாகும்.

தேங்கிய சரக்கைப் பற்றிப் பேச நேரம் இல்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். செயலாளர் மேசையில் ஒரு தாள் இருக்கிறது. கடைப்பெயர், கட்டுக்கம்பி வாரம் எத்தனை சுருள், எந்த ஊரிலிருந்து வாங்குகிறீர்கள் என்று மூன்று கட்டம். ஒரே ஊரிலிருந்து வாங்கும் மூன்று பேர் சேர்ந்ததும் அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் வண்டிக்குச் சொல்லிவிடலாம். வணக்கம்.