மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்தால் தளம் எவ்வளவு ஆறும்?

வணக்கம். மணி மதியம் 2. செராங்கூன் பக்கம் பெரியப்பாவின் தரைவீட்டு மொட்டை மாடியில் நிற்கிறேன். செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. வெப்பமானியைக் காட்டுகிறேன், பாருங்கள். காய்ந்த தளம் 54 டிகிரி. இரண்டடி தள்ளி, காலையிலிருந்து நனைத்துவரும் பாதி 37. ஒரே தளம், ஒரே வெயில்.

பெரியப்பா முதல் நாளே கேட்டார்: "இங்க காத்தே ஈரமா இருக்கு, இதுல தண்ணி எங்கடா ஆவியாகும்?" நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் ஏர் கூலர் வாங்கி ஏமாந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் கூலர் குளிர்விக்கப் பார்ப்பது காற்றை. நாம் குளிர்விப்பது வெயில் குடித்த கான்கிரீட்டை. நீர் ஆவியாகும் வேகம் காற்றின் ஈரத்தை மட்டும் பொறுத்ததல்ல, அந்த நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதையும் பொறுத்தது. 54 டிகிரியில் இருக்கும் நீரின் ஆவி அழுத்தம், இந்த மதியக் காற்றில் இருக்கும் ஆவியைப் போல ஐந்து மடங்கு. அதனால் காற்று ஈரமாக இருந்தாலும் நீர் கிளம்பிவிடும். தளம் ஆற ஆற இந்த வித்தியாசம் குறையும். 37 டிகிரியில் இரண்டு மடங்குதான் மிச்சம். அங்கே வெயில் கொடுப்பதும் ஆவி எடுத்துப்போவதும் ஏறக்குறையச் சமமாகி, தளம் அப்படியே நிற்கும். 28க்கு இறக்குகிறேன் என்று யாராவது சொன்னால், நம் ஊர் மதிய வெயிலில் அது நடக்காது.

ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது, ஒரு கிலோவாட் ஹீட்டர் 40 நிமிடம் தரும் அளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதே லிட்டர் பத்து டிகிரி சூடேறி வடிகாலில் ஓடிவிட்டால், அதில் ஐம்பதில் ஒரு பங்குகூடப் போகாது. ஆகவே ஓட ஓட ஊற்றுவதில் பயனில்லை. தளம் பளபளவென்று நனைந்தால் போதும், வழியக் கூடாது.

இந்த மாடி 20 சதுர மீட்டர். சோதனைக்காகத்தான் இன்று பாதியை நனைக்காமல் விட்டேன், மற்ற நாட்களில் முழுவதும் நனையும். நான்கு ஸ்பிரிங்க்ளர், ஒரு டைமர். அரை மணிக்கு ஒரு தடவை, ஒரு நிமிடம், மொத்தம் 6 லிட்டர். அது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராத படலம், அடுத்த தடவைக்குள் காய்ந்துவிடும். காலை 10 முதல் மாலை 4.30 வரை 14 தடவை, 84 லிட்டர். கன மீட்டருக்கு 3.24 வெள்ளி என்று வைத்தால் நாளுக்கு 27 காசு. மூடுபனி மாதிரித் தெளிக்கும் நாசில் மட்டும் வேண்டாம். துளி தளத்தைத் தொடும் முன்பே காற்றோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

காலை 10 மணி ஏன் என்றால், பெரியப்பா முன்பு சாயங்காலம் 4 மணிக்கு வாளி வாளியாக ஊற்றுவார். மேல்பக்கம் உடனே ஆறும், கீழே படுக்கையறை மட்டும் ராத்திரி வெந்துகொண்டே இருக்கும். 15 சென்டிமீட்டர் கான்கிரீட்டில் மேல்சூடு கீழே வந்து சேர நான்கைந்து மணி நேரம் ஆகும். 4 மணிக்கு அது பாதி வழி வந்துவிட்டது. தளத்துக்குள் சூடு இறங்குமுன் தடுக்க வேண்டும். அப்புறம், கொதிக்கும் தளத்தில் சட்டென்று நீர் விழுந்தால் மேல்பூச்சு சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும்.

சரி, ஊரில் சிலர் செய்வதுபோல நீர் தேக்கி வைத்தால் என்ன? 5 சென்டிமீட்டர் தேக்கினால் இந்த மாடியில் ஒரு டன் எடை. அதைவிடப் பெரியது கொசு. ஏடிஸ் முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். தேங்கிய நீரில் புழு இருந்தால் தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் போடும், டெங்கி வந்தால் தெருவுக்கே வரும்.

தெளிப்பதிலும் எனக்கு ஒரு தவறு நடந்தது. இதோ இந்த மூலையில் தளம் லேசாகப் பள்ளம். வடிகால் வாயில் இலை அடைத்து, உள்ளங்கையளவு நீர் நின்றது. நான்காம் நாள் குனிந்து பார்த்தேன், நூல் மாதிரிப் புழுக்கள் நெளிந்தன. துடைத்தால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை காய்ந்த தரையில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து, நனைந்ததும் பொரிக்கும். பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவினேன், அப்புறம் பள்ளத்தைச் சிமென்ட் வைத்து மேடாக்கினேன்.

நீங்கள் தொடங்கும் முன் ஒன்று செய்யுங்கள். வடிகாலை அடைத்து, இரண்டு விரல் கனம் நீரை ஒரு நாள் நிறுத்தி, கீழே உட்கூரையில் மஞ்சள் கறையோ ஈரமோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் முதலில் நீர்க்கசிவுப் பூச்சு, அப்புறம்தான் ஸ்பிரிங்க்ளர்.

மணி இப்போது 7. படுக்கையறைக்கு வந்துவிட்டேன். நனைக்காத பாதிக்குக் கீழே உட்கூரை 36, நனைத்த பாதிக்குக் கீழே 32. பெரியப்பா கட்டிலை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லிவிட்டார்.