ஒரு நொடி முன்னால் வந்த சிரிப்பு

நடுவர் தந்த தலைப்பு: "ஒரே காட்சியைத் தனியாகப் பார்ப்பதைவிடக் கூட்டமாகப் பார்க்கும்போது உரக்கச் சிரிக்கிறோமே, அதற்குப் பெரிதும் காரணம் சிரிப்புத் தொற்றிக்கொள்வதா, கூட ஒருவர் இருப்பதா?"

'கூட ஒருவர் இருப்பதே' அணியின் இரண்டாவது பேச்சு

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணிப் பேராசிரியர் போகிற போக்கில் ஒரு வரியை வீசிவிட்டுப் போய் உட்கார்ந்தார். "கூட்டத்தில் புரிந்து சிரிப்பவர் பாதி, பக்கத்து ஆள் சிரிக்கிறாரே என்று சிரிப்பவர் மீதி. கொட்டாவிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது" என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், வரி நல்ல வரி. ஆனால் அது எங்கள் பாட்டியின் மேல் வந்து விழுகிறது. அதனால் என்னால் விட முடியாது.

எங்கள் பாட்டிக்கு ஒரு நகைச்சுவைக் காட்சி உயிர். இருட்டில் ஒரு வீடு. பீரோவுக்குப் பின்னால் திருடன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சத்தம் கேட்டு எழுந்த வீட்டுக்காரர் விளக்கைப் போடச் சுவரைத் தடவுகிறார். "சுவிட்ச் எங்கே போச்சு, இங்கேதானே இருந்தது" என்று தனக்குத்தானே முணுமுணுக்கிறார். கை மேலே போகிறது, கீழே போகிறது, சுவிட்சைத் தவிர எல்லா இடத்துக்கும் போகிறது. பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் திருடனே சொல்லிவிடுகிறான்: "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்!"

(சிரிப்பு)

இதோ, நீங்கள் சிரித்தீர்கள். எப்போது சிரித்தீர்கள்? "இடது பக்கம்" என்ற பிறகு. எங்கள் பாட்டி அப்படி இல்லை. வீட்டில் ஏழு பேர் உட்கார்ந்து பார்ப்போம். வீட்டுக்காரரின் கை சுவரைத் தொட்டதுமே பாட்டி டிவியைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். கழுத்து மெல்ல எங்கள் பக்கம் திரும்பும். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். முதலில் தோள் குலுங்கும். அப்புறம் முந்தானை வாய்க்குப் போகும். அதையும் மீறிச் சத்தம் வந்துவிடும். திருடன் இன்னும் வாயே திறக்கவில்லை! அவன் பேசி, நாங்கள் வெடித்துச் சிரிக்கும்போது பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

பேராசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி. அந்த அறையில் முதலில் சிரித்தவர் பாட்டி. அவருக்கு யாரிடமிருந்து தொற்றியது?

பேராசிரியர் சிரிக்கிறார், பதிலும் வைத்திருக்கிறார் என்று தெரிகிறது. "தெரிந்த காட்சி, வரப்போவதை நினைத்துச் சிரிக்கிறார்" என்பார். நியாயமான பதில்தான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு மதியம் வரைக்கும்.

அன்று நான் சீக்கிரம் வீடு திரும்பினேன். கதவு திறந்திருந்தது, உள்ளே டிவி ஓடுகிற சத்தம். அதே காட்சி, அதே இருட்டு, அதே பீரோ. பாட்டி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன், அவருக்கு நான் நிற்பது தெரியாது. கை சுவரைத் தொட்டது. தோள் குலுங்கவில்லை. முந்தானை மடியிலேயே கிடந்தது. திருடன் சொன்னான், "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்." பாட்டியின் மூக்கிலிருந்து 'ம்ஹூம்' என்று ஒரு காற்று வந்தது, அவ்வளவுதான். வரப்போவது அன்றைக்கும் அவருக்குத் தெரியும். காட்சியில் ஓர் எழுத்து மாறவில்லை. எதைத்தான் காணோம்? எங்களைக் காணோம்.

அந்த மூக்குக் காற்றைத்தான் அவை பிடித்துக்கொள்ள வேண்டும். தனியாகப் பார்க்கும்போது நமக்கும் அதுதான் வருகிறது. மனதுக்குள் ரசிக்கிறோம், காற்று மட்டும் வெளியே போகிறது. கூட ஆள் இருந்தால் அதே காற்று குரலையும் இழுத்துக்கொண்டு 'ஹஹ்ஹஹ்ஹா' என்று வருகிறது. ரசிப்பதற்குக் குரல் தேவையில்லை. இன்னொருவர் காதில் விழுவதற்குத்தான் குரல் தேவை.

எதிரணியின் இளைய தம்பி, "நான் தனியாக மொட்டைமாடியில் போனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன், என் கதை இந்தத் தலைப்பையே உடைக்கிறது" என்றார். தம்பி, நன்றாகச் சிரியுங்கள். தனியாகச் சிரிக்க முடியுமா என்று நடுவர் கேட்கவில்லை. கூட்டத்தில் ஏன் கூடுகிறது என்றுதான் கேட்டார். சிரித்து முடித்ததும் என்ன செய்தீர்கள் என்று பேச்சுக்கு முன்னால் உங்களிடம் கேட்டேன். "நண்பனுக்கு அனுப்பினேன்" என்றீர்கள். அதை மேடையில் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்!

பேராசிரியர் ராபர்ட் பிரவைன் என்ற அமெரிக்க ஆய்வாளரையும் துணைக்கு அழைத்தார். தனிமையைவிட ஆட்களோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று அவர் கண்டதாகச் சொன்னார். எண் சரி. ஆனால் டிவி, புத்தகம் என்று எதுவும் இல்லாத நேரங்களை ஒப்பிட்டு வந்த எண் அது. நம் தலைப்போ ஒரே காட்சியை இரண்டு விதமாகப் பார்ப்பது பற்றியது. அந்த 30 மடங்கை இங்கே கொண்டுவர முடியாது. அது எங்களுக்கே சாதகமாகத் தெரிந்தும் எங்கள் தலைவர் அதைத் தொடவில்லை.

நம் கேள்விக்கு நெருக்கமான சோதனை வேறொன்று இருக்கிறது. 1991-இல் ஆலன் ஃப்ரிட்லண்ட் என்ற உளவியலாளர் வெளியிட்டது. மனதுக்கு இதமான ஒரு வீடியோ. பார்ப்பவரின் கன்னத்தில், உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசையின் மேல், சின்ன மின்வாய்களை ஒட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவுகூட அதில் பதிவாகும். சிலர் தனியாகப் பார்த்தார்கள். சிலர் நண்பரோடு சேர்ந்து பார்த்தார்கள். சிலரிடம், உங்கள் நண்பர் வேறு இடத்தில் வேறு வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று சொன்னார்கள். இன்னும் சிலரிடம், உங்கள் நண்பர் இன்னோர் அறையில் இதே நேரத்தில் இதே வீடியோவைப் பார்க்கிறார் என்று சொன்னார்கள்.

இந்தக் கடைசி ஆட்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அறையில் ஒருவர்தான். நண்பரின் முகம் தெரியாது, குரல் கேட்காது. தொற்றுவதற்கு அங்கே எதுவுமே இல்லை. இருந்தும் தனியாகப் பார்த்தவர்களைவிட அதிகம் புன்னகைத்தார்கள், நண்பரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பார்த்தவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாக. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று கேட்டபோது எல்லோருடைய பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே இருந்த சந்தோஷம் கூடவில்லை, முகத்துக்கு வந்ததுதான் கூடியது. 'இப்போது அவனும் இதைப் பார்த்துக்கொண்டிருப்பான்' என்ற நினைப்பு ஒன்றே கன்னத்தை இழுத்திருக்கிறது!

"அது புன்னகை, சிரிப்பு இல்லையே" என்று பேராசிரியர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். புன்னகைக்குக் கிடைத்த முடிவு அப்படியே வெடிச்சிரிப்புக்கும் பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அதேபோல் தொற்றே கிடையாது என்றும் சொல்ல மாட்டேன். லண்டனில் செய்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமாரான ஜோக்குகளின் முடிவில் பதிவு செய்த சிரிப்பைச் சேர்த்துப் போட்டார்கள். சேர்த்ததும் அந்த ஜோக்குகள் கேட்டவர்களுக்குக் கூடுதல் வேடிக்கையாகத் தெரிந்தன. இங்கேயே பார்த்தோம். தொடக்கத்தில் ஆட்கள் அங்கொருவர் இங்கொருவராக இருந்தபோது நம் முதல் பேச்சாளரின் நல்ல ஜோக் ஒன்று அப்படியே அமுங்கிப் போனது. நடுவர் எல்லோரையும் முன்வரிசைக்கு வரச் சொன்ன பிறகுதான் அரங்கம் சூடு பிடித்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் நம் சிரிப்பு நமக்கே தனியாகக் கேட்கிறது, கூச்சம் வந்து தொண்டையை அடைத்துவிடுகிறது. இதில் தொற்று எவ்வளவு, துணை எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் அதே லண்டன் ஆய்வில் ஒரு விஷயத்தைப் பேராசிரியர் கவனிக்க வேண்டும். வரவழைத்துக்கொண்ட சிரிப்பைவிட, தன்னை மீறி வந்த சிரிப்பைச் சேர்த்தபோதுதான் ஜோக்குக்கு மதிப்பு அதிகம் கூடியது. கேட்பவர்களின் காது இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து ஆள் சிரிக்கிறாரே என்று கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பவருக்கு எந்தச் சிரிப்பாக இருந்தால் என்ன? நாம் அப்படி இல்லை. இவர் மனம் விட்டுச் சிரிக்கிறாரா என்று கேட்டுத்தான் நம் காது சேர்ந்துகொள்கிறது.

நடுவர் மணியைப் பார்க்கிறார். வாதத்தை இங்கே விட்டுவிடுகிறேன். அந்த மதியத்தை மட்டும் முடித்துவிடுகிறேன்.

'ம்ஹூம்' என்று மூக்கில் காற்று வந்ததைச் சொன்னேன். அதற்கு ஒரு நொடி முன்னால் நடந்ததைச் சொல்லவில்லை. வீட்டுக்காரரின் கை சுவரைத் தொட்டதும், பழக்கத்தில், பாட்டியின் கழுத்து மெல்லத் திரும்பியது. நாங்கள் வழக்கமாக உட்காரும் பக்கம்தான். அங்கே ஒரு தலையணை கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தார்.

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். "பாட்டி, மறுபடியும் போடுங்க, நான் பார்க்கவே இல்லை" என்றேன். நூறு முறை பார்த்தவள்தான் நான், பாட்டிக்கும் அது தெரியும். ஒன்றும் சொல்லாமல் முதலிலிருந்து போட்டார். கை சுவரைத் தொட்டது, கழுத்து திரும்பியது, இந்த முறை அங்கே நான் இருந்தேன். பாட்டிக்குத் தோள் குலுங்கியது, முந்தானை வாய்க்குப் போனது, சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, நான் சிரித்துச் சிரித்துத்தான் கண்ணீர் விடுகிறேன் என்று நினைத்து இன்னும் சிரித்தார்.

பாட்டி போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. போன மாதம் அந்தக் காட்சி டிவியில் வந்தது. பக்கத்தில் என் மகள், ஆறு வயது, முதல் முறையாகப் பார்க்கிறாள். இருட்டு, பீரோ, சுவரைத் தடவும் கை. வயிற்றிலிருந்து எனக்குச் சிரிப்பு ஏறிக்கொண்டு வருகிறது. அடக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. திருடன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. மகள் டிவியை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, டிவி அங்கே இருக்கு. ஏன் என்னையே பாக்குற?"

நன்றி, வணக்கம்.