தலை முதல் கால் வரை ஒரு பார்வை

நேயர்களுக்கு வணக்கம்.

கூட்டம் தொடங்கிவிட்ட அறைக்குள் ஒரு பெண் அவசரமாக நுழைகிறார். உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்க்கிறாள். தலைமுடி, முகம், கை, இடுப்பு, செருப்பு, திரும்பவும் முகம். இரண்டு நொடிகூட ஆகவில்லை. "இந்தக் கையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு சட்டையா?" என்று மனத்துக்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. வந்தவர் இன்னும் வாயே திறக்கவில்லை. அப்படிப் பார்த்தவள் நான்தான்.

இதற்கு "பெண்ணுக்குப் பெண்தான் எதிரி" என்று ஒரு பழைய விளக்கம் இருக்கிறது. சொல்பவருக்கு வசதியானது, எதையும் விளக்காதது. அந்த இரண்டு நொடிப் பார்வையை நாம் எங்கே பழகினோம் என்பதுதான் கேள்வி. கண்ணாடி முன்னால், நம்மீதே பழகினோம்.

பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி ஆன் ராபர்ட்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1997-இல் இதை ஒரு கோட்பாடாக எழுதினார்கள். சிறு வயதிலிருந்தே தோற்றத்தை வைத்து மதிப்பிடப்படும் பெண், நாளடைவில் தன் உடம்பை வெளியே நின்று பார்க்கும் ஒருவரின் கண்ணால் பார்க்கத் தொடங்குகிறாள் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வில், மாணவர்களைத் தனி அறையில் கண்ணாடி முன் நிறுத்தி, சிலருக்கு நீச்சலுடையும் சிலருக்குக் கம்பளிச் சட்டையும் கொடுத்தார்கள். அந்த உடையிலேயே கணக்குத் தேர்வும் எழுதச் சொன்னார்கள். நீச்சலுடையில் இருந்த பெண்களின் மதிப்பெண் குறைந்தது; ஆண்களுக்கு அப்படிக் குறையவில்லை. அறையில் பார்ப்பதற்கு யாருமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பார்ப்பவர் உள்ளேயே இருந்தார்.

அந்த ஆள் நம்மை மட்டும் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. 2005-இல் ஸ்ட்ரீலன், ஹார்கிரீவ்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், தன்னைத் தோற்றத்தால் அதிகமாக எடைபோடும் பெண்கள் மற்றப் பெண்களையும் அதே அளவுகோலால் அதிகமாக எடைபோடுகிறார்கள் என்று கண்டார்கள்.

என் கதைக்கு வருகிறேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இரண்டு வாரம், யாரைப் பார்த்து என்ன குறை நினைத்தேன் என்று ஒரு சிறு நோட்டில் எழுதிவந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நோட்டைப் புரட்டியபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது: பாதிக்கு மேல் கைகளைப் பற்றியே இருந்தது. நான் பல ஆண்டுகளாக முழங்கைக்கு மேல் தெரியும்படி எதையும் உடுத்தியதில்லை. என் கை தடிமன் என்று பதினைந்து வயதில் யாரோ சொன்னது. ஆக, அந்தப் பெண்மீது எனக்கு வந்தது அருவருப்பு அல்ல, கோபம். நான் வெயிலில் புழுங்கிக்கொண்டு கடைப்பிடிக்கும் சட்டத்தை இவள் எப்படிச் சட்டைசெய்யாமல் இருக்கிறாள் என்ற கோபம்!

இந்த எண்ணத்தை அடக்கிப் பார்க்கலாம் என்று தோன்றும். பலன் தராது. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொன்னால் அதுவே திரும்பத் திரும்ப வரும் என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இலேயே காட்டிவிட்டார். நான் செய்தது வேறு. குறை தோன்றியதும், "இது எனக்கு நான் போட்ட எந்தச் சட்டம்?" என்று கேட்பேன். பதில் பெரும்பாலும் உடனே வரும். பிறகு கண்ணை அந்தப் பெண்ணின் முகத்துக்குக் கொண்டுபோய், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பேன்.

மனத்தைவிட வாய்க்குத்தான் கடிவாளம் எளிது. ஒரு தோழி "அவள் எவ்வளவு பெருத்துவிட்டாள், பார்த்தாயா?" என்றால், முன்பெல்லாம் நானும் ஒரு வரி சேர்ப்பேன். இப்போது "அப்படியா, அவள் புது வேலை எப்படிப் போகிறதாம்?" என்று கேட்கிறேன். உபதேசம் செய்வதில்லை, செய்தால் அடுத்த பேச்சு என்னைப் பற்றியதாக இருக்கும். பாராட்டிலும் கவனம் வேண்டும். "இளைத்துவிட்டாயே, அழகாக இருக்கிறாய்" என்பதும் அதே தராசுதான், தட்டு மட்டும் வேறு. இளைத்தது நோயினால் என்று பிறகு தெரிந்து நான் தலைகுனிந்ததும் உண்டு.

அந்த முதல் பார்வை முற்றாக மறைந்துவிடும் என்று சொல்லமாட்டேன். எனக்கு இன்னும் வருகிறது. தீர்ப்பு மட்டும் இப்போது பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. போன வாரம் கடையில் ஒரு அரைக்கைச் சட்டையை எடுத்து, கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். வாங்கிவிட்டேன். இன்னும் போடவில்லை.

நன்றி, வணக்கம்.