தறிச் சத்தம், மஞ்சள் விலை, பேக்கரிப் பேச்சு: தொடர்பியல் தாளுக்குச் சரியான உதாரணங்கள்

வணக்கம். இதழியல் படிக்கிற தம்பி தங்கைகளுக்கான காணொளி இது. தொடர்பியல் மாதிரிகளும் ஊடகக் கோட்பாடுகளும் என்ற தாளில் எப்போதும் வருகிற கேள்வி, "உதாரணத்துடன் ஒப்பிடுக". பெரும்பாலான விடைகளில் எல்லாக் கோட்பாட்டுக்கும் ஒரே உதாரணம்தான் இருக்கிறது: ஆசிரியர் பாடம் நடத்துகிறார், மாணவர் கேட்கிறார். அதை எங்கே வைத்தாலும் பொருந்துகிற மாதிரி தெரியும். அதனாலேயே அது எதையும் விளக்குவதில்லை. ஒரு கோட்பாட்டுக்குப் பொருந்தி, பக்கத்துக் கோட்பாட்டுக்குப் பொருந்தாமல் போகிற உதாரணம்தான் ஒப்பீட்டுக்கு உதவும். நம் கொங்குப் பகுதியிலிருந்தே அப்படிச் சிலவற்றை எடுக்கப் போகிறேன்.

முதலில் ஷானன்–வீவர். கிளாட் ஷானன் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்த கணிதவியலாளர். 1948இல் அவர் எழுதிய கட்டுரையை, வாரன் வீவரின் விளக்கத்தோடு சேர்த்து 1949இல் புத்தகமாக்கினார்கள். ஷானனுக்கு இருந்த கவலை ஒன்றுதான்: இந்த முனையில் புறப்பட்ட செய்தி அந்த முனையில் அதே வடிவத்தில் வந்து சேர்கிறதா? செய்தியின் பொருள் என்ன என்பது தன் பொறியியல் கணக்குக்குத் தேவையில்லை என்று அவரே ஒதுக்கி வைத்துவிட்டார்.

இதற்கு உதாரணம் சோமனூர் பக்கத்து விசைத்தறிக் கூடம். தறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. தறிக்காரர் நூல் வியாபாரியைச் செல்பேசியில் அழைத்து, "நாற்பதாம் நம்பர் நூல் அனுப்புங்கள்" என்கிறார். அந்தப் பக்கம் "முப்பதாம் நம்பர்" என்று காதில் விழுகிறது. இரண்டு சொல்லுக்கும் வால் ஒன்றுதான். வேறுபடுவது முதல் அசை மட்டும். தறிச் சத்தம் சரியாக அதையே விழுங்கிவிட்டது. தவறான நூல் வந்து இறங்குகிறது.

இதை ஷானனின் பெட்டிகளில் வைத்துப் பாருங்கள். தகவல் மூலம், தறிக்காரர். அனுப்புகருவி, அவர் கையிலிருக்கும் செல்பேசி. வழித்தடம், அலைவரிசை. பெறுகருவி, வியாபாரியின் செல்பேசி. சேருமிடம், வியாபாரி. பலர் பெறுகருவி என்ற இடத்தில் ஆளை எழுதிவிடுகிறார்கள். ஷானனுக்கு அது கருவி, ஆள் கடைசிப் பெட்டியில்தான் வருகிறார். இன்னொரு நுணுக்கமும் உண்டு. அவருடைய வரைபடத்தில் இரைச்சல் நுழைவது வழித்தடத்தில். தறிச் சத்தமோ குரலோடு கலந்து செல்பேசிக்குள்ளேயே போய்விடுகிறது. ஆகவே வாய்க்கும் செல்பேசிக்கும் இடையிலுள்ள காற்றையும் வழித்தடத்தின் பகுதியாகக் கொள்கிறேன் என்று விடையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

தறிக்காரர்கள் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? "நாற்பது, நாலு சைபர், நாலு சைபர்" என்பார்கள். தேவைக்கு மேல் சொல்லி இரைச்சலை வெல்வது. ஷானன் இதை மிகைத்தன்மை என்று பெயரிட்டுக் கணக்காகவே போட்டுக் காட்டியிருக்கிறார். கூடத்தை விட்டு வெளியே வந்து பேசினாலும் சிக்கல் தீர்ந்துவிடும். சத்தத்தைக் குறைத்தாலோ திரும்பச் சொன்னாலோ தீர்கிற சிக்கல் என்றால் அது ஷானனின் சிக்கல். எந்த உதாரணத்தை எழுதும்போதும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்.

சத்தமே இல்லாத இடத்திலும் செய்தி மாறிப் போகிறதே, அது எப்படி? இந்த இடத்தில்தான் வில்பர் ஷ்ராம் வருகிறார். எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஈரோட்டு மஞ்சள் சந்தை விலை தினமும் நாளிதழில் வருகிறது. விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் தனித்தனியாக, ஒரு குவிண்டாலுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று போடுவார்கள். ஒரு பேச்சுக்கு, இன்றைக்கு விரலி மஞ்சள் 9,000 ரூபாயிலிருந்து 14,000 ரூபாய் வரை போனது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு, "மஞ்சள் விலை 14,000 ரூபாயைத் தொட்டது". அச்சு தெளிவாக இருக்கிறது, எழுத்துப் பிழை இல்லை, இரைச்சல் துளியும் இல்லை.

கோபி பக்கத்துத் தோட்டத்தில் என் அப்புச்சி இதைப் படிக்கிறார். அவருடைய மனத்தில் ஓடுவது இதுதான்: அந்த உச்ச விலை, நன்றாகக் காய்ந்து, நீளமும் பருமனுமாய், மெருகேற்றப்பட்ட ஏதோ சில குவியலுக்குக் கிடைத்திருக்கும், நம் சரக்கில் ஈரம் கொஞ்சம் இருக்கிறது, அப்படியானால் நமக்கு நடுவில் ஏதோ ஒன்று. அதே தலைப்பைக் கோவையில் அலுவலகம் போகிற ஒருவர் படிக்கிறார். "விவசாயிகள் எல்லோருக்கும் பதினாலாயிரம் கிடைக்கிறதே, நல்ல காலம்தான்" என்று நினைக்கிறார். ஒரே தாள், ஒரே எழுத்து, இரண்டு செய்தி.

ஷ்ராம் 1954இல் சொன்ன அனுபவப் புலம் என்பது இதுதான். அனுப்புபவருக்கு ஒரு வட்டம், பெறுபவருக்கு ஒரு வட்டம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற பகுதிக்குள்தான் செய்தி செய்தியாகப் போய்ச் சேர்கிறது. சந்தைச் செய்தி எழுதும் நிருபரும் அப்புச்சியும் ஏலம் பார்த்தவர்கள், அவர்கள் வட்டங்கள் படிகின்றன. கோவைக்காரரின் வட்டம் ஓரத்தில் மட்டும் தொடுகிறது. தலைப்பை இன்னும் பெரிய எழுத்தில் அச்சிட்டாலும், பத்து முறை திரும்பச் சொன்னாலும் அவருக்கு உதவாது. தறிக்கூடத்தில் உதவிய மருந்து இங்கே உதவவில்லை என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். ஒப்பீட்டுக்கு மதிப்பெண் கிடைக்கிற இடம் அதுதான். இங்கே தேவைப்படுவது "தரத்தைப் பொறுத்து விலை மாறும்" என்ற ஒரு விளக்க வரி, அதாவது படிப்பவரின் வட்டத்தைச் சற்று அகலமாக்குவது.

இன்னொரு வேறுபாடு பின்னூட்டம். ஷானனின் அடிப்படை வரைபடத்தில் சேருமிடத்திலிருந்து திரும்பிவரும் அம்பு கிடையாது. ஷ்ராமிடம் உண்டு. மஞ்சள் செய்தியில் அது இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் மிகவும் மெல்லியது. ஒரு விவசாயி நாளிதழுக்கு அழைத்து, "இந்த விலை யாருக்குக் கிடைத்தது என்று போடுங்கள்" என்றால்தான் உண்டு. வெகுமக்கள் ஊடகத்தில் பின்னூட்டம் தாமதமாகவும் குறைவாகவும் வரும் என்பதற்கும் இதே உதாரணம் போதும்.

அந்த 9,000 ரூபாய் தலைப்பிலிருந்து எங்கே போனது? நிருபர் அதை எழுதித்தான் அனுப்பியிருப்பார். தலைப்பில் இடமில்லை என்று துணையாசிரியர் உச்ச விலையை மட்டும் வைத்திருப்பார். அவரே வாயில்காப்போர். டேவிட் மானிங் ஒயிட் 1950இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க நாளிதழ் ஒன்றின் செய்தி ஆசிரியரிடம், தந்திச் செய்திகளில் எதை எடுத்தார், எதை ஏன் தள்ளினார் என்று ஒரு வாரத்துக்குக் குறித்து வைக்கச் சொன்னார். வந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அச்சேறியது. தள்ளியதற்கு அவர் எழுதிய காரணங்களில் இடமின்மையும் இருந்தது, சொந்த விருப்பு வெறுப்பும் இருந்தது. உங்கள் விடையில் வாசலையும் காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள். "ஆசிரியர் தேர்ந்தெடுக்கிறார்" என்று மட்டும் எழுதினால் பாதிதான்.

அடுத்தது இருபடி ஓட்டம். ஊடகத்திலிருந்து கருத்துத் தலைவருக்கு முதல் படி, அவரிடமிருந்து மற்றவர்களுக்கு இரண்டாம் படி. அப்புச்சி விலையைப் படித்துவிட்டார், ஆனால் சரக்கை விற்பனைக்கு எடுத்துவிடவில்லை. பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் போய், "இப்போது போடலாமா, இன்னும் வைத்திருக்கலாமா?" என்று கேட்கிறார். அந்த மாமா இரண்டு நாளிதழ் படிப்பார், விலைச் செய்திகளை விடாமல் கேட்பார். அவர் சொன்ன பிறகுதான் அப்புச்சி முடிவெடுக்கிறார்.

இதில் கருத்துத் தலைவர் மாமா. மாணவர்கள் பலர் மாவட்ட ஆட்சியரையும் நடிகரையும் இந்த இடத்தில் எழுதுகிறார்கள். லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவும் 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்தில், ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேட்டி எடுத்தார்கள். 1944இல் புத்தகமாக வந்தது. அவர்கள் கண்ட கருத்துத் தலைவர்கள் எல்லாத் தரப்பிலும் இருந்தார்கள். மற்றவர்களைவிட ஊடகத்தை அதிகம் பின்தொடர்ந்தவர்கள் அவர்கள், அவ்வளவுதான். மாமாவும் அப்படித்தான், அவரும் மஞ்சள் போட்டவர்தான். மண்டி வியாபாரி இதில் வர மாட்டார். விலை பேசுவதே அவர்தான், அவர் செய்தியின் ஒரு பகுதி.

ஒரு சோதனையும் சொல்கிறேன். அந்த மாமாவுக்குத் தகவல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நாளிதழிலிருந்து என்றால் இருபடி ஓட்டம். நேரில் ஏலத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார் என்றால் அது வாய்வழிச் செய்தி மட்டும். முதல் படியில் ஊடகம் இல்லை. இன்று விலை நேராக அப்புச்சியின் செல்பேசிக்கே வந்துவிடுகிறது, அப்படியானால் கோட்பாடு செத்துவிட்டதா என்று கேட்கலாம். தகவல் ஒரே படியில் வருகிறது என்பது உண்மை. ஆனால் சரக்கை எடுக்கலாமா என்ற முடிவு இன்னும் மாமா வழியாகத்தான் வருகிறது. தகவல் பரவுவதையும் செல்வாக்குப் பரவுவதையும் விடையில் பிரித்து எழுதுங்கள்.

கடைசியாக நிகழ்ச்சிநிரல் அமைத்தல். மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சாப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அதே காலத்தில் ஊடகங்கள் எவற்றுக்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்றும் கணக்கெடுத்தார்கள். இரண்டு வரிசையும் மிக நெருங்கிப் பொருந்தின. 1972இல் வெளியிட்டார்கள்.

இதற்குக் கோவைப் பேக்கரி போதும். மாலையில் டீயும் தேங்காய் பன்னுமாக நிற்கிறவர்களிடம், "கோவையின் பெரிய பிரச்சினை எது?" என்று கேளுங்கள். சில வாரங்களாக உள்ளூர்ப் பக்கத்தில் விமான நிலைய விரிவாக்கம் முதல் செய்தியாக வந்துகொண்டிருந்தால், விமானமே ஏறாதவரும் அதைச் சொல்வார். விரிவாக்கம் வேண்டும் என்பார் ஒருவர், நிலம் போகிறது என்பார் மற்றவர். கருத்து வேறு, பேசுபொருள் ஒன்று. ஊடகம் கொடுத்தது பேசுபொருளை மட்டும்.

அதே பேக்கரியில் ஒருவர் "குடிநீர்" என்கிறார் என்று வையுங்கள். அவர் தெருவில் சிறுவாணித் தண்ணீர் பத்து நாளாக வரவில்லை. அது நாளிதழில் வந்திருந்தாலும் வராவிட்டாலும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். குழாயைத் திறந்தாலே தெரிகிற பிரச்சினைக்கு நாளிதழ் நிரல் போட வேண்டியதில்லை. ஆகவே குடிநீர்த் தட்டுப்பாட்டை இந்தக் கோட்பாட்டுக்கு உதாரணமாக எழுதாதீர்கள். எழுத வேண்டியிருந்தால், தண்ணீர் ஒழுங்காக வருகிற தெருக்காரரும் நாளிதழைப் படித்துவிட்டு அதையே முதல் பிரச்சினையாகச் சொன்னார் என்று எழுதுங்கள்.