சென்னைல போட்ட 15-ஆம் தேதி லீவு நியூ ஜெர்சில ஏன் 14-ன்னு காட்டுது?

ஹாய் வணக்கம் மக்களே, நேரா மேட்டருக்கு போயிடலாம். சென்னைல உக்காந்துகிட்டு ஒருத்தர் 2026 ஜனவரி 15, வியாழக்கிழமை, பொங்கல் லீவுன்னு காலண்டர்ல ஆல் டே டிக் பண்ணி போடறாரு, அதை நியூ ஜெர்சில இருக்கற டீமோட ஷேர் பண்றாரு. அங்க திறந்து பாத்தா 14-ஆம் தேதி புதன்கிழமைல உக்காந்திருக்கு, இல்லன்னா 14, 15 ரெண்டு நாளும் பட்டை பட்டையா இழுத்துகிட்டு நிக்குது. அவரு 15-ன்னுதான் போட்டாரு, ஸ்க்ரீன்ஷாட் கூட வெச்சிருக்காரு, அங்க இருக்கறவங்களும் 14-ன்னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பறாங்க. ரெண்டு பேர் சொல்றதும் உண்மை. கோளாறு நடுவுல, அந்த 15-ங்கறத எந்த உருவத்துல சேவ் பண்ணி அனுப்புனாங்கங்கறதுல இருக்கு.

அத அப்படியே கணக்கு போட்டு பாத்துடலாம். சில சாஃப்ட்வேர் என்ன பண்ணும்னா ஆல் டேன்னு சொன்னதும் அத தேதியா வெச்சுக்காது, "15-ஆம் தேதி பொறக்கற ராத்திரி 12 மணிலேர்ந்து 16-ஆம் தேதி பொறக்கற ராத்திரி 12 மணி வரைக்கும்"னு மணிக்கணக்கா மாத்திக்கும். சரி, எந்த ஊரு 12 மணி? போட்டவரு ஊரு, அதாவது இந்திய நேரம். இந்திய நேரம் யூடிசிக்கு, அதாவது உலகத்துக்கே பொதுவா வெச்சிருக்கற நேரத்துக்கு, அஞ்சரை மணி நேரம் முன்னாடி ஓடுது, அதனால நம்ம 15-ஆம் தேதி ராத்திரி 12 மணிங்கறது யூடிசில 14-ஆம் தேதி சாயங்காலம் 6:30. நியூ ஜெர்சி ஜனவரில யூடிசிக்கு 5 மணி நேரம் பின்னாடி, அப்போ அங்க 14-ஆம் தேதி மதியம் 1:30. முடிவும் அதே மாதிரி, 15-ஆம் தேதி மதியம் 1:30. ஆக அங்க போய் சேர்ந்தது என்னன்னா புதன் மதியம் ஒன்றரைலேர்ந்து வியாழன் மதியம் ஒன்றரை வரைக்கும். இப்போ அந்தப் பக்கத்து ஆப் "ஆரம்ப தேதி என்னவோ அதான் ஆல் டே"ன்னு எடுத்துகிட்டா 14-ன்னு காட்டும், "எந்தெந்த நாள தொடுதோ எல்லாத்தையும் காட்டுவோம்"னு எடுத்துகிட்டா ரெண்டு நாள் காட்டும். ஒரே தப்புதான், வெளிய தெரியறது மட்டும் ரெண்டு விதமா தெரியுது.

இதுல ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கு, நெறைய பேர் கவனிக்கறதில்ல. இது எப்பவும் ஒரே பக்கமாதான் சறுக்கும். நியூ ஜெர்சிக்காரர் 15-ன்னு போட்டு நமக்கு அனுப்புனா, அவரோட ராத்திரி 12 மணி நமக்கு 15-ஆம் தேதி காலைல 10:30. ஆரம்ப தேதி 15-தான், சரியாத்தான் இருக்கு, ஆனா வால் மட்டும் 16-ஆம் தேதி 10:30 வரைக்கும் நீளும். சென்னைலேர்ந்து சிங்கப்பூருக்கு அனுப்புனாலும் இதே கதை, அங்க 15-ஆம் தேதி விடியக்காலை 2:30-க்கு ஆரம்பிக்கும், தேதி தப்பாகாது. அதாவது கிழக்குலேர்ந்து மேற்க போனா ஒரு நாள் பின்னாடி வழுக்கும், மேற்குலேர்ந்து கிழக்க வந்தா ஒரு நாள் கூட ஒட்டிக்கும். அதனாலதான் "எனக்கு அவங்க அனுப்பறது ஒழுங்கா வருது, நான் அனுப்பறது மட்டும் தப்பா போகுது, என் செட்டிங்ல ஏதோ பிரச்சனை"ன்னு நம்ம ஊர்க்காரங்க பாவம் செட்டிங்கையே நோண்டிகிட்டு இருப்பாங்க.

சரி, தேதிய எப்படித்தான் வெச்சுக்கணும்? சுவத்துல மாட்டற தினசரி காலண்டர் தாள நெனச்சுக்கோங்க. 15-ன்னு போட்ட தாள ஜப்பான்ல ஒருத்தர் ஒரு நேரத்துல கிழிப்பாரு, அமெரிக்கால ஒருத்தர் பல மணி நேரம் கழிச்சு கிழிப்பாரு, ஆனா தாள்ல போட்டிருக்கறது 15 மட்டும்தான், அதுல மணியும் கிடையாது ஊரும் கிடையாது. காலண்டர் ஆப்கள் ஒன்னுக்கொன்னு பேசிக்கறதுக்கு ஐகாலண்டர்னு ஒரு பொது ஃபார்மேட் இருக்கு, 1998-ல முதல்ல வந்துச்சு, இப்போ நடப்புல இருக்கறது 2009-ல வந்த ஆர்எஃப்சி 5545-ங்கற ஆவணம். அதுல இந்த வெறும் தேதிக்குன்னே தனியா ஒரு வழி வெச்சிருக்காங்க. நீங்க ஈவென்ட்ட எக்ஸ்போர்ட் பண்ணா .ics-ன்னு ஒரு ஃபைல் வரும்ல, அத நோட்பேட்ல திறங்க, பயப்படாதீங்க, சாதா டெக்ஸ்ட்தான். ஸ்க்ரீன்ல பாருங்க, சரியான ஃபைல் இப்படி இருக்கும்:

```
DTSTART;VALUE=DATE:20260115
DTEND;VALUE=DATE:20260116
```

வழுக்கற ஃபைல் இப்படி இருக்கும்:

```
DTSTART:20260114T183000Z
DTEND:20260115T183000Z
```

முதல்ல இருக்கறதுல VALUE=DATE-ன்னு இருக்கு, மணியே இல்ல, அதனால யாரும் அத ஊருக்கு ஏத்த மாதிரி மாத்த வேண்டியதே இல்ல, மாத்தவும் கூடாது. ரெண்டாவதுல கடைசில ஒரு Z இருக்கு, அப்படின்னா யூடிசி. அதுக்கு முன்னாடி 183000 இருக்கு பாருங்க, ஆறரை மணி, அத பாத்த உடனே சொல்லிடலாம், இது இந்தியாவுல போட்ட ராத்திரி 12 மணி, யாரோ தேதிய மணியா மாத்தி அனுப்பியிருக்காங்கன்னு. நடுவுல DTSTART;TZID=Asia/Kolkata:20260115T000000-ன்னும் சில ஃபைல் வரும். கண்ணுக்கு 15-ன்னு தெரியும், சரின்னு விட்டுடாதீங்க, அதுவும் மணிக்கணக்குதான், மேற்க போனா அதுவும் வழுக்கும்.

இன்னொன்னு, சரியான ஃபைல்ல DTEND 16-ன்னு இருக்கே, அது தப்பில்லையான்னு கேப்பீங்க. தப்பில்ல. அந்த ஃபார்மேட்ல முடிவு தேதி உள்ள சேராது, 16-ன்னா 16 ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வரைக்கும்னு அர்த்தம். இது தெரியாம "ஒரு நாள் கூட இருக்கே"ன்னு முடிவு தேதில ஒன்னு குறைக்கறவங்க இருக்காங்க, அப்படி குறைச்சா மூணு நாள் லீவு ரெண்டு நாளாயிடும், அது டைம் ஸோன் பிரச்சனையே இல்ல, ஆனா பாக்க அதே மாதிரி இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஈஸி: ஒரே ஊர்ல இருக்கற ரெண்டு பேருக்குள்ளயும் ஒரு நாள் குறையுதுன்னா அது இந்த முடிவு தேதி கேஸ், ஊர் மாறினா மட்டும் மாறுதுன்னா அதுதான் நம்ம கேஸ்.

கோட் எழுதறவங்களுக்கு ஒரு ரெண்டு நிமிஷம், மத்தவங்க ஸ்கிப் பண்ணாம கேட்டாலும் நஷ்டமில்ல. இது பெரும்பாலும் எங்க நுழையுதுன்னா ஜாவாஸ்க்ரிப்ட் டேட்ல. அதுல வெறும் தேதிங்கற சமாச்சாரமே கிடையாது, எல்லாமே ஒரு நொடியோட கணக்குதான்.

```js
new Date(2026, 0, 15).toISOString().slice(0, 10)
new Date("2026-01-15").getDate()
```

முதல் லைன் சென்னைல ஓட்டுனா "2026-01-14" வரும், ஏன்னா அது நம்ம ராத்திரி 12-ஐ யூடிசிக்கு மாத்திட்டு அப்புறம் தேதிய வெட்டுது. அதே லைன் நியூ ஜெர்சில 15-ன்னே வரும். ரெண்டாவது லைன் அப்படியே உல்டா, ஹைஃபன் வெச்ச வெறும் தேதிய அது யூடிசி ராத்திரி 12-ன்னு எடுத்துக்கும், சென்னைல அது காலைல அஞ்சரை, 15-ன்னு வரும், நியூ ஜெர்சில முந்தின நாள் ராத்திரி 7 மணி, 14-ன்னு வரும். புரியுதா, முதல் லைன எழுதுன அமெரிக்காக்காரருக்கு டெஸ்ட் பாஸ், ரெண்டாவத எழுதுன நம்மாளுக்கு டெஸ்ட் பாஸ், ரெண்டு பேரும் "என் மெஷின்ல ஒழுங்கா ஓடுதே"ன்னு சத்தியம் பண்ணுவாங்க. லண்டன்காரர் இன்னும் மோசம், குளிர்காலத்துல யூடிசியும் அவர் நேரமும் ஒன்னு, முதல் லைன்ல பிரச்சனையே தெரியாது, மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்த ஒரு மணி நேரம் தள்ளி வெச்சதும் அதுக்கப்புறம் வர்ற தேதியெல்லாம் ஒன்னு குறைய ஆரம்பிக்கும். அதனால டெஸ்ட்ட ரெண்டு பக்கமும் ஓட்டுங்க, TZ=America/New_York வெச்சு ஒரு வாட்டி, TZ=Asia/Kolkata வெச்சு ஒரு வாட்டி. தேதிய ஸ்ட்ரிங்காவே வெச்சுக்கோங்க, டேட்டாபேஸ்லயும் வெறும் date டைப் போதும், மணி வேண்டாம். கூகுள் காலண்டர் ஏபிஐ-லயே பாருங்க, ஆல் டேக்கு start.date, மணி இருக்கறதுக்கு start.dateTime-ன்னு தனித்தனியா பிரிச்சுதான் வெச்சிருக்காங்க.

சில பேர் ஒரு குறுக்கு வழி சொல்வாங்க, ராத்திரி 12-க்கு பதிலா யூடிசி மதியம் 12-ன்னு சேவ் பண்ணிடு, ரெண்டு பக்கமும் இடம் இருக்கு, வழுக்காதுன்னு. இந்தியா, அமெரிக்கா வரைக்கும் ஓடும். நியூசிலாந்து யூடிசிக்கு 12 மணி நேரம் முன்னாடி, அவங்க கோடைல 13, கிரிபாட்டியோட கிழக்கு தீவுகள் 14 மணி நேரம் முன்னாடி. அங்கெல்லாம் நம்ம 15 மதியம்ங்கறது 16 ஆயிடும். எனக்கு இந்த ட்ரிக் சுத்தமா பிடிக்காது, தப்ப சரி பண்ணாம வேற நாட்டுக்கு தள்ளி விடறது.

கோட் எழுதாத நம்ம என்ன பண்றது? அனுப்பறதுக்கு முன்னாடி டைட்டில்லயே "ஜன 15 வியாழன் லீவு"ன்னு தேதியையும் கிழமையையும் எழுதிடுங்க, பட்டை எங்க வேணா உக்காரட்டும், எழுத்து மாறாது.

ஆனா ஒன்னு சொல்லியே ஆகணும், எல்லாத்தையும் வெறும் தேதியா வெச்சா சரியாயிடும்னும் கிடையாது. பொறந்த நாள், பொங்கல், கல்யாண நாள் இதெல்லாம் தேதிதான், சந்தேகமே இல்ல. ஆனா லீவு? சென்னைக்காரர் 15 முழுக்க லீவுன்னா, நியூ ஜெர்சி டீமுக்கு அவர் இல்லாம போறது நெஜமாவே அவங்க புதன் மதியம் ஒன்றரைலேர்ந்துதானே. அவங்களோட வியாழன் சாயங்காலம் 6 மணிக்கு மீட்டிங் போட்டா நம்ம ஊர்ல அது 16 காலைல 4:30, லீவு முடிஞ்சிருச்சு, தூக்கம் முடியல. அதனால நான் ரெண்டா பிரிப்பேன், லீவுன்னு ஒரு ஆல் டே, அது கூடவே "இல்லை"ன்னு மணி போட்டு டைம் ஸோன் போட்டு ஒரு பிஸி ப்ளாக். டெட்லைனுக்கும் ஆல் டே போடாதீங்க, "15-க்குள்ள அனுப்புங்க"ன்னா எந்த ஊரு 15-ன்னு சண்டை வரும். ஆராய்ச்சி மாநாடுகள் சிலதுல இதுக்காகவே ஏஓஇ-ன்னு போடுவாங்க, உலகத்துல எங்கயாவது ஒரு மூலைல இன்னும் 15 இருந்தா கூட டைம் இருக்குன்னு அர்த்தம், யூடிசிக்கு 12 மணி நேரம் பின்னாடி கணக்கு. 15-ன்னு போட்டிருந்தா நம்ம ஊர்ல 16-ஆம் தேதி சாயங்காலம் 5:30 வரைக்கும் அனுப்பலாம்.

உங்ககிட்ட வழுக்கற ஈவென்ட் ஏதாவது இருந்தா எக்ஸ்போர்ட் பண்ணி அந்த DTSTART லைன மட்டும் பாருங்க, Z இருக்கா VALUE=DATE இருக்கான்னு. Z இருந்தாலும் TZID இருந்தாலும் அனுப்புன பக்கம் தப்பு. VALUE=DATE இருந்தும் வழுக்குதுன்னா வாங்கற பக்கத்து ஆப்தான் தேதிய மணியா மாத்திக்குது, அத அங்கதான் கேக்கணும். ஓகே, பாக்கலாம், பை.