சேலைனும் சலக் கணக்கும்: இரத்தப் புற்றுநோய் சிகிச்சையின் முதல் மூன்று நாள்

(காட்சி: கட்டில் தலைமாட்டில் சேலைன் போத்தல், கீழே அளவுக்கோடு போட்ட சாடி)

வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் பக்கத்திலிருந்து இரத்தப் புற்றுநோய்க்காக ஒரு பிள்ளையை மகரகமைக்குக் கூட்டிக்கொண்டு போகிற தாய் தகப்பனிடம் வார்டில் முதலில் சொல்வது, பிள்ளை போகிற சலத்தை ஒரு சொட்டு விடாமல் அளந்து எழுதுங்கள் என்பதுதான். புற்றுநோய்க்கு மருந்து எடுக்க வந்த இடத்தில் சலத்தை ஏன் அளக்கச் சொல்கிறார்கள் என்று பலருக்கும் விளங்குவதில்லை, அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

ஒரு உதாரணம் எடுப்போம். வயது 6, நிறை 20 கிலோ, உயரம் 115 சென்டிமீற்றர். வெள்ளணு எண்ணிக்கை 1,50,000. இந்த வயதில் வழமையாக 15,000-ஐத் தாண்டாது. கூடுதலாக இருப்பது எல்லாமே புற்றுக்கலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கினால் இவை கூட்டமாக உடையும், உடைகிற ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கிற பொட்டாசியமும் பொஸ்பேற்றும் இரத்தத்தில் கொட்டும், கலத்தின் டி.என்.ஏ. சிதைந்து யூரிக் அமிலமாக மாறும். இதற்குத்தான் டியூமர் லைசிஸ் என்று பெயர். மருந்து நன்றாக வேலை செய்கிற பிள்ளைக்குத்தான் இது அதிகம் வரும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். "இன்னும் கீமோ ஊசி போடவில்லை, குளிசைதானே குடுக்கினம்" என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் குளிசை பெரும்பாலும் பிரெட்னிசொலோன். பிள்ளைகளுக்குக் கூடுதலாக வருகிற லிம்போபிளாஸ்ரிக் வகை இரத்தப் புற்றில், கலங்கள் உடையத் தொடங்க அது மட்டுமே போதும். சில பிள்ளைகளுக்கு மருந்து தொடங்க முன்னரே தானாக உடைவதும் உண்டு.

(காட்சி: உள்ளே வெள்ளை படிந்த கேத்தல்)

எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்தால் கேத்தலில் வெள்ளையாக ஒன்று படியுமே, அதுபோல யூரிக் அமிலமும், கல்சியத்தோடு சேர்ந்த பொஸ்பேற்றும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிந்து அடைக்கும். கல்சியம் அப்படிப் போய்ச் சேர்வதால் இரத்தத்தில் அது குறையும். பிள்ளைக்கு வாயைச் சுற்றி விறைக்கும், கை கால் இழுக்கும், வலிப்பும் வரலாம். சிறுநீரகம் அடைபட்டால் பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ஏறும். இதயத் துடிப்பைக் குழப்பி, சில மணித்தியாலத்தில் உயிரை எடுக்கக்கூடியது அதுதான்.

அதனால்தான் சேலைன். உடல் மேற்பரப்பில் ஒரு சதுர மீற்றருக்கு நாளுக்கு 3 லீற்றர் அளவில் கொடுப்பார்கள். எங்கள் பிள்ளையின் மேற்பரப்பு 0.8 சதுர மீற்றர், ஆகவே 2.4 லீற்றர், அதாவது மணிக்கு 100 மில்லிலீற்றர். அந்தச் சேலைனில் பொட்டாசியம் சேர்க்க மாட்டார்கள். உள்ளே போகிற அளவுக்கு வெளியேயும் வரவேண்டும், இந்தப் பிள்ளை மணிக்கு 65 மில்லிலீற்றராவது சலம் போகவேண்டும்.

சரி, இரண்டாம் நாள் இரவு. ஆறு மணித்தியாலத்தில் சேலைன் 600 மில்லிலீற்றர் உள்ளே போயிருக்கிறது, சாடியில் சலம் 190 மட்டும். எதிர்பார்த்தது கிட்டத்தட்ட 390. காலையில் நிறுத்துப் பார்த்தால் 20.8 கிலோ. பிள்ளை சும்மா படுத்திருக்கிறது, முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறது, அவ்வளவுதான். உடனே எடுத்த இரத்தத்தில் பொட்டாசியம் 4.3-இலிருந்து 6.2-க்கு ஏறியிருக்கிறது, பொஸ்பேற்றும் ஏறி, கல்சியம் இறங்கியிருக்கிறது. இந்த நேரத்தில் சேலைனை மட்டும் கூட்டினால் தண்ணி நுரையீரலில் தேங்கும். அதனால் ஈ.சி.ஜி. எடுத்து, பொட்டாசியத்தை இறக்க மருந்து கொடுத்து, சலம் பிரிய ஊசி போட்டுப் பார்ப்பார்கள். அதற்கும் வழிக்கு வராவிட்டால் டயாலிசிஸ். பெரும்பாலும் தற்காலிகமாகத்தான், சிறுநீரகம் திரும்ப வேலை செய்யத் தொடங்கும்.

அந்த 190-ஐ அந்தத் தாய் அளந்து எழுதியதால்தான் இது காலையிலேயே பிடிபட்டது. பம்பர்ஸ் கட்டுகிற குழந்தை என்றால் அதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஆபத்துக் கூடின பிள்ளைக்கு 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இரத்தம் எடுப்பதும் இதற்குத்தான். "இரத்தமில்லாத பிள்ளையிடம் இவ்வளவு எடுக்கினமே" என்று அம்மம்மாமார் அழுவதைப் பார்த்தால் மனம் தாங்காது, ஆனால் பொட்டாசியம் ஏறுவது வெளியில் தெரியாது, தெரியும்போது பிந்திவிடும்.

யூரிக் அமிலத்துக்கு அலோபூரினோல் கொடுப்பார்கள். அது புதிதாக உருவாவதைத் தடுக்கும், இருப்பதைக் கரைக்காது. கரைக்க ரஸ்புரிகேஸ் என்ற ஊசி இருக்கிறது, ஆனால் ஜி.6.பி.டி. என்ற நொதியம் குறைந்தவர்களுக்கு அது செங்குருதிக் கலங்களை உடைத்துவிடும். குடும்பத்தில் யாருக்காவது அந்தக் குறை இருந்தால் முதலிலேயே டொக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் இளநீர். பார்க்க வருகிற சொந்தக்காரர் ஊரிலிருந்து ஆசையோடு கட்டிக்கொண்டு வருவார்கள். இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. முதல் வாரத்தில் கொடுக்க வேண்டாம், இரத்தப் பரிசோதனைகள் சீராகி, வார்டில் சரி என்று சொன்ன பிறகு கொடுக்கலாம்.