ஜிஎஸ்டி ஆர்டர் வந்தா கணக்குல எப்படி காட்டணும்?

வணக்கம். கப்பலூர் சிட்கோ பக்கம் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனின்னு வச்சுக்குவோம். 2020-21 கணக்குக்கு 73-வது பிரிவுல 40 லட்சம் வரி கேட்டு 2025 பிப்ரவரியில ஆர்டர் வந்திருக்கு. அப்பீல் போறாங்க. மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்ல என்ன எழுதுறது?

"அப்பீல் போட்டாச்சுல்ல, அப்புறம் எதுக்குண்ணே புரொவிஷன்?"னு நிறைய பேர் கேப்பாங்க. அப்பீல் போட்டது கணக்கே இல்லை. இந்த மாதிரி விஷயத்துக்கான கணக்குத் தரநிலை ஏஎஸ் 29 கேக்குறது, கடைசியில பணம் கட்ட வேண்டி வர்றதுக்கு வாய்ப்பு அதிகமா, கம்மியாங்கிறதுதான். அதனால முதல்ல ஆர்டரைப் பிரிங்க. 40 லட்சத்தை ஒரே மூட்டையா பாத்தா தப்பாத்தான் முடியும்.

அதுல 8 லட்சம், டைரக்டர் ஓட்டுற காருக்கு எடுத்த இன்புட் கிரெடிட். ஜிஎஸ்டி சட்டம் 17(5)-ல தெளிவா தடுத்திருக்காங்க, தோக்குற கேஸ். அப்பீல்ல இதையும் சேர்த்திருந்தாலும் புரொவிஷன் போட்டே ஆகணும். வரியை மட்டும் போட்டுட்டு நிறுத்துறதுதான் வழக்கமான தப்பு. 2021 மார்ச் கடைசியில அந்த கிரெடிட்டை பயன்படுத்தியிருந்தா, வருஷம் 18% வட்டி 1.44 லட்சம், நாலு வருஷத்துக்கு 5.76 லட்சம். அபராதம் 10%, அதாவது 80 ஆயிரம். மொத்தம் 14.56 லட்சம்.

அடுத்த 28 லட்சம், பொருளுக்கு 12%-ஆ 18%-ஆங்கிற சண்டை. நம்ம வாதம் கொஞ்சம் பலமா இருக்கு, ஆனா ஜெயிப்போம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இதுக்கு புரொவிஷன் வேண்டாம். கன்டிஞ்சென்ட் லயபிலிட்டியா நோட்ஸ்ல காட்டுங்க, வட்டி, அபராதத்தோட சேர்த்து. என்ன தகராறு, எந்த அதாரிட்டிகிட்ட நிக்குதுன்னும் எழுதுங்க.

மிச்சம் 4 லட்சம், ஒரே இன்வாய்ஸை ஆபீசர் ரெண்டு தடவை கூட்டியிருக்கார். நிக்காத கணக்கு. நோட்ஸே தேவையில்லை.

இப்படிப் பிரிக்கிறதுக்கு ஆதாரம் கையில இருக்கணும். "எங்க கேஸ் நல்லா இருக்கு"ன்னு வக்கீல் கொடுக்கிற ஒத்த வரி லெட்டரை ஆடிட்டர் ஏத்துக்க மாட்டார். ஏத்துக்கவும் கூடாது. மூணு பகுதிக்கும் தனித்தனியா கருத்து வாங்குங்க.

அப்பீலுக்கு முன்கூட்டி கட்டுற 10%, இங்க 4 லட்சம். இதை செலவுல எழுதிடுவாங்க. செலவு இல்லை, கவர்மென்ட் கிட்ட இருக்கிற டெபாசிட், அசெட்ல வரணும். புரொவிஷன்ல கழிச்சு நெட்டா காட்டாதீங்க. மார்ச் 31-க்கு அப்புறம் கட்டியிருந்தா அடுத்த வருஷக் கணக்குலதான் வரும்.

ஒண்ணு கவனிங்க. ஆடிட்டர் எதையெல்லாம் ரிப்போர்ட் பண்ணணும்னு சொல்ற கேரோ 2020 உத்தரவு பொருந்துற கம்பெனின்னா, ஆடிட் ரிப்போர்ட்ல 3(vii)(b)-ல தகராறுல கட்டாம நிக்கிற வரியைப் போடணும். அங்க வாய்ப்பு எவ்வளவுன்னு பாக்க மாட்டாங்க, ஆபீசர் ரெண்டு தடவை கூட்டின அந்த 4 லட்சமும் வந்துடும். நோட்ஸ்ல இருக்கிற தொகையும் இதுவும் ஒத்துப் போகலைன்னு பேங்க்ல கேட்டா, பிரிச்சுப் போட்ட ஷீட்டைக் காட்டுங்க.